நீல மாத்திரையின் பேட்ச் நம்பர்

என் அண்ணன் கொழும்பில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மருந்துச் செலவுக் கணக்கில் பேட்ச் நம்பர் என்று ஒரு கட்டம் வந்து குந்திக்கொண்டதற்கு வேறு காரணமே கிடையாது. பெயின்ட் வாளியில் பேட்ச் மாறினால் சுவரில் பாதி ஒரு நிறமாகவும் பாதி இன்னொரு நிறமாகவும் தெரியுமாம். அதே புத்தியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் அம்மாவுக்கும் பூசினார்.

நானும் அம்மாவும் மாத்தளை டவுனில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். அம்மாவுக்கு இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும். அப்படித் துடிக்கும்போது இரத்தம் உள்ளேயே கட்டியாகி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்று கிளினிக் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் நீல மாத்திரை. தினமும் பொழுது சாய்ந்ததும் ஒன்று. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. எங்கள் அப்பா அப்படித்தான் போனார். காலையில் பிளேன்டீ கோப்பையைக் கீழே வைக்கப் போனவருக்குக் கை சொன்னபடி கேட்கவில்லை, கோப்பை உடைந்தது, அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் நீல மாத்திரை விஷயத்தில் எனக்கு விளையாட்டு கிடையாது.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் சில மாதம் நீல மாத்திரை முடிந்துவிட்டது என்று சொல்லி, துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொல்வார்கள். வாங்க வேண்டியது நான். பணத்தில் பாதி அண்ணனுடையது. அதை மறுக்க முடியாது, மாதம் தவறாமல் போடுவார். பணத்தைப் போட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கமாட்டார். பில்லைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தை மட்டும் அனுப்பினால் போதாது, அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக நான் எழுதியும் அனுப்ப வேண்டும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், பேட்ச் நம்பர், எத்தனை மாத்திரை, ஒன்றின் விலை, மொத்தம். அதை அவர் அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வாராம். ஏற்றி என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை. சொன்னாலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

பில்லைப் படம் எடுப்பது பார்க்கத்தான் சுலபம். பார்மசி பில் மெல்லிய பளபளத்த தாள். மை கிடையாது, சூட்டில் எழுத்து வருகிறது. கைப்பையில் கிடந்தால் கொஞ்ச நாளில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அதனால் வாங்கிய கையோடு படம் எடுக்க வேண்டும். தாள் பாம்பு மாதிரி சுருளும். இரண்டு பக்கமும் கரண்டியை வைத்து அழுத்தினால் கரண்டியின் நிழல் எழுத்தில் விழும். தையல் மெஷினின் மேல் வைத்து, ஊசிமுனை விளக்கைப் போட்டு, மேலே கத்திரிக்கோலையும் கீழே நூல்கட்டையையும் பாரம் வைத்துத்தான் நான் எடுப்பேன். அதில் மருந்தின் பெயர் முழுசாக இருக்காது. இடம் போதாமல் பாதியிலேயே வெட்டுப்பட்டிருக்கும். கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பாதிப் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மில்லிகிராமைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். விலைக் கட்டம் ஒட்டி ஒட்டி வரும், ஒன்றின் விலை எது, மொத்தம் எது என்று பெருக்கிப் பார்த்துத்தான் எழுதுவேன். பேட்ச் நம்பரில் எழுத்தும் இலக்கமும் கலந்திருக்கும். பூச்சியமா, ஆங்கில எழுத்தா என்று சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கண் கடுக்கும். அந்த நேரத்தில் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்து முடித்திருக்கலாம்.

இவ்வளவும் செய்து அனுப்பினால், அங்கேயிருந்து என்ன வரும்? "அம்மா எப்படி?" என்று வரும் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் அண்ணனை அறியாதவர்.

"மூணாவது ஐட்டத்துக்கு பேட்ச் விட்டுப்போச்சு."

"பில்லுலயே இல்லண்ணே. அது ஓயின்ட்மென்ட். கம்ப்யூட்டர்ல போடாம கையால எழுதிக் குடுத்தாங்க."

"அப்ப கடையில கேளு. சும்மா விட்டா ரெக்கோட்ல ஓட்டை விழும்."

ரெக்கோடில் ஓட்டை. வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்து மழைக்காலம் பூராவும் சட்டி வைத்து ஒழுகலைப் பிடித்தபோது இந்த மனுஷன் ஒரு தகரம் வாங்கித் தரவில்லை. ஒரு முறை, இரண்டு மாதம் அடுத்தடுத்து நீல மாத்திரைக்கு ஒரே பேட்ச் நம்பர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "வெரி குட், சீரா இருக்கு" என்று கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். என்னவோ நானும் அம்மாவும் பாடுபட்டு அந்த நம்பரைக் காப்பாற்றிக் கொடுத்த மாதிரி.

அந்தப் பெட்டிக் கதையையும் சொல்ல வேண்டும். கம்பெனி செலவில் சிங்கப்பூர் போய் வந்தவர் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவந்தார். ஏழு நாளைக்கு ஏழு மூடி. மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து உடைத்து, நாளுக்கு நாள் பிரித்துப் போட்டு வைக்க வேண்டுமாம். அது மட்டுமல்ல, வீடியோ கோலில் உட்கார்ந்துகொண்டு, மிச்ச மாத்திரையையும் உடைத்து ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைக்கச் சொன்னார். அப்போதுதான் எண்ணச் சுலபமாம்.

"மாத்தளை ஈரத்துக்கு மாத்திரை அட்டையிலயே இருக்கறதுதான்ணே நல்லது" என்றேன்.

"வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான் செய்றாங்க" என்றார். அதற்கு மேல் பேச்சு ஏது? அம்மாவோ பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து தலைகால் புரியாமல் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் மூடியைத் திறந்து திறந்து காட்டுவாள். "பெரியவன் கொண்டாந்தது" என்பாள். தினமும் மாத்திரை கொடுப்பவள் சின்னவள். அதற்கு மூடி கிடையாது, காட்டவும் முடியாது.

அட்டைகளை உடைத்த பிறகு அம்மா அந்த வெறும் அட்டைகளை வீசமாட்டாள். எங்கள் பின்பக்கத்தில் நாலைந்து கொச்சிக்காய்ச் செடி, அதாவது மிளகாய்ச் செடி, இருக்கிறது. காய் பழுத்துச் சிவந்தால் கொண்டைக்குருவிகள் விடுவதில்லை. ஆகவே என் தையல் நூலைத் திருடி, மாத்திரை அட்டைகளைக் கோத்து, செடிக்குச் செடி கட்டித் தொங்கவிடுவாள். காற்றில் சுழன்று வெயிலில் மின்னும். குருவி முதல் நாள் பயப்படும், அடுத்த நாள் அதன் மேலேயே உட்கார்ந்து கொச்சிக்காய் தின்னும். அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, கட்டுவதை விடவில்லை. நானும் நூல் போகிறதே என்று கத்துவேனே தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

அண்ணன் இதையும் வீடியோ கோலில் பார்த்துவிட்டார். "என்ன குப்பையையெல்லாம் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க? அந்தக் குழிக்குள்ள தண்ணி நின்னா டெங்கு வரும். சுகாதார பிஎச்ஐ வந்தா ஃபைன் அடிப்பான்" என்றார். உடைத்த மாத்திரைக் குழியில் தண்ணீர் நின்று நுளம்பு முட்டை போடுமாம். கூரை ஒழுகி வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றபோது வராத டெங்கு!

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் அந்த அறிவித்தல் வந்தது. காலையிலேயே ஃபோன் டிங் டிங் என்றது. அண்ணன்தான். நீல மாத்திரையில் ஒரு குறிப்பிட்ட பேட்ச் பரிசோதனையில் தேறவில்லை, மாத்திரைக்குள் இருக்க வேண்டிய மருந்து குறைவாக இருக்கிறது, அதை விற்பனையிலிருந்து திரும்பப் பெறுகிறார்கள், வைத்திருப்பவர்கள் மருந்தகத்தில் கொடுத்துவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கீழே பேட்ச் நம்பர். மருந்து குறைந்த மாத்திரையை அம்மா எத்தனை நாளாக விழுங்குகிறாளோ என்று நினைத்தேன். அப்பாவின் கோப்பை உடைகிற சத்தம் மறுபடி காதில் கேட்டது.

அறிவித்தலுக்குக் கீழேயே அண்ணனின் குரல் பதிவு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மீட்டிங்கில் பேசுகிற மாதிரி.

"நான் இப்ப ரெக்கோட்ட செக் பண்ணிட்டேன். நாம வாங்கின நீல மாத்திரை வேற பேட்ச். கடைசி ரெண்டு மாசமும் ஒரே நம்பர், இந்த நம்பர் இல்ல. சோ நமக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. பாத்தியா? பேட்ச் எதுக்கு, பேட்ச் எதுக்குன்னு கேட்டியே, இதுக்குத்தான். மாத்திரைய வழமை போல குடு."

நான் என் ஃபோனில் பழைய படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பில்லில் இருந்த நம்பர் வேறு. என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் நெருடியது. போன மாதம் நான் அந்த மாத்திரைகளை உடைத்துப் போத்தலில் போட்டேனே, அப்போது ஒரு அட்டையின் பின்பக்க எழுத்து பச்சையாகவும் மற்றவை கறுப்பாகவும் இருந்தன. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரே பேட்ச் என்றால் எழுத்து ஏன் நிறம் மாற வேண்டும்? பெயின்ட் கம்பெனிக்காரருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவர் அட்டையைக் கண்ணால் கண்டால்தானே!

போத்தலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நீலம், எல்லாம் ஒரே வட்டம். எந்த மாத்திரை எந்த அட்டையிலிருந்து வந்தது என்று அந்தப் போத்தலைக் கேட்டால் அது சொல்லுமா? சிங்கப்பூர்ப் பெட்டியும் சொல்லாது. பொழுது சாய்ந்தால் அடுத்த மாத்திரை கொடுக்க வேண்டும். சந்தேகத்தோடு கொடுக்கவும் கூடாது, நானாகவே நிறுத்தவும் கூடாது. அன்று கிளினிக் கிடையாது. போத்தலையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு பார்மசிக்கு நடந்தேன்.

பார்மசிக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவேன், பல வருஷமாகத் தெரியும். நல்ல மனுஷன், ஆனால் கடையில் கூட்டம் இருந்தால் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். அன்று கடையில் ஆள் இல்லை. அறிவித்தலைக் காட்டினேன்.

"அது வந்துடிச்சு தங்கச்சி. காலையிலயே அந்தப் பெட்டிங்கள எல்லாம் எடுத்துக் கட்டி ஒதுக்கி வச்சிட்டேன். ஏஜென்ட் வந்து எடுப்பாரு."

"அப்ப உங்க கடையில அந்த பேட்ச் இருந்திச்சா?"

"இருந்திச்சுதான்."

"எங்களுக்குக் குடுத்தீங்களா? பில்லுல வேற நம்பர் இருக்கு, பாருங்க."

அவர் என் ஃபோனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். தலையைச் சொறிந்தார். அந்தச் சொறிதலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பில்லுல விழுற நம்பர் கம்ப்யூட்டர் போடுறது தங்கச்சி. எது முந்தி எக்ஸ்பயரி ஆகுமோ அத அது தானா எடுத்துக்கும். அது கணக்குல முடியிற வரைக்கும் அதே நம்பர்தான் விழும். ராக்கையில கைக்கு எந்தப் பெட்டி வருதோ அதத்தான் வெட்டிக் குடுப்பாங்க. ஸ்கேன் பண்ணிக் குடுத்தா சரியா வரும். அவசரத்துல யாரு ஸ்கேன் பண்றா."

"அப்ப அந்த நம்பர் சும்மாவா?"

"சும்மான்னு இல்ல… ஸ்டொக்குக்கு சரி."

ஸ்டொக்குக்குச் சரி! இத்தனை மாதமாக நான் கண் கடுக்கப் பெரிதாக்கிப் பார்த்து, பூச்சியமா எழுத்தா என்று தலையை உடைத்து, ஓட்டை விழாமல் எழுதி அனுப்பியதெல்லாம் இவருடைய ராக்கையின் கணக்கு. எங்கள் அம்மாவின் வயிற்றுக்குள் போனதன் கணக்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு ஒருவர் கொழும்பில் உட்கார்ந்து மாத்திரையை வழமை போல கொடு என்று உத்தரவு போடுகிறார். எனக்கு நானாவைத் திட்டுவதா, அண்ணனைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

"இந்தப் போத்தலைப் பாத்து சொல்ல ஏலாதா?"

"மாத்திரையில நம்பர் இருக்காதே. அட்டையில, காட்லதான் அடிச்சிருப்பாங்க, ஓரத்துல. காட் எங்க?"

"அதெல்லாம் எப்பவோ…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன். பிறகு, "கொச்சிக்காய்ச் செடியில தொங்குது" என்றேன்.

நானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல நிற்கவில்லை. த்ரீவீல் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நடந்தே வரலாம், அவ்வளவு பொறுமை இல்லை.

அம்மா பின்பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் கொச்சிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் ஒவ்வொரு செடியாக அட்டைகளை அறுக்க ஆரம்பித்தேன்.

"ஏய், ஏய், என்ன செய்ற? குருவி வரும் புள்ள."

"வரட்டும்மா. நீல மாத்திரை அட்டை எது எது? போன மாசம் கட்டினது எங்க?"

"அந்தா, கடைசிச் செடியில. அதுக்கு முந்தினது நடுவுல. பெரியவன் குப்பைன்னு சொன்னான்னு அறுக்கிறியா?"

"இல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மழையிலும் வெயிலிலும் தொங்கி அச்சு எழுத்து அழிந்துபோயிருந்தது. ஆனால் நானா சொன்ன மாதிரி பேட்ச் நம்பர் அச்சில்லை, ஓரத்தில் அழுத்திப் பதித்திருந்தது. அட்டையை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. தெரியாத இடத்தில் நகத்தால் தடவிப் பார்த்தேன். ஓரம் வெட்டுப்பட்ட துண்டுகளில் ஒன்றும் இல்லை. நடுச் செடியில் இருந்தது பில்லில் இருந்த நம்பர். கடைசிச் செடியில் முதலாவது அட்டை, அதுவும் பில் நம்பர்தான், லேசாகப் பச்சை தெரிந்தது. அடுத்ததைச் சாய்த்தேன். அறிவித்தலில் இருந்த நம்பர். அதற்கடுத்ததும் அதே. ஃபோனைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக இரண்டு தரம் ஒப்பிட்டேன். சந்தேகமேயில்லை. அம்மா ஒரு கையில் கொச்சிக்காயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டையைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"இது எங்க இருந்து எடுத்த?"

"நீங்க டெங்கு வரும்னு சொன்ன குப்பையில இருந்து."

அம்மாவை இப்போதே டாக்டரிடம் கொண்டுபோ, நானும் புறப்பட்டு வருகிறேன் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"ஆனா பில்லுல வேற நம்பர்தானே இருக்கு" என்றார். "அப்ப ரெக்கோட்ல எந்த பேட்ச்னு போடுறது? ஒரே ஐட்டத்துக்கு ரெண்டு பேட்ச் வந்தா லைனைப் பிரிக்கணுமே. எத்தனை மாத்திரை எதுலன்னு தெரியணும்."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். சில மனிதர்களுக்குப் பதில் சொல்வதே அவர்களுக்குக் கூடுதல் மரியாதை.

தனியார் டாக்டர் ஒருவர் போயா அன்றும் பார்ப்பார். அம்மாவுக்குச் சேலையை மாற்றிவிட்டு, மருந்தெல்லாம் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அட்டையைப் பார்த்தார், அறிவித்தலைப் பார்த்தார், அம்மாவின் நாடியைப் பார்த்தார். சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டிய கைகள் இரண்டும் சமமாக நின்றன. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லேபில் ஐஎன்ஆர் பார்க்க அனுப்பினார். இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கிற பரிசோதனை.

ரிப்போர்ட் வருகிற வரைக்கும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த இரத்தோட்டை ஊர்ப் பெண் ஒருத்தியிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. "மருந்து போதாமத்தான் இருந்திருக்கு" என்றார் டாக்டர். "இப்படியே இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரத்தம் கட்டியாகியிருக்கலாம். நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க." போத்தலில் இருந்ததையும் பெட்டியில் இருந்ததையும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதித் தந்து, வேறு பேட்ச் வாங்கி இன்று மாலையே கொடுக்கச் சொன்னார். அந்த வாரத்துக்குள் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும், கிளினிக்கிலும் கொப்பியைக் காட்ட வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் நானாவிடம் புது மாத்திரை வாங்கினேன். பழைய போத்தலை அவரிடமே கொடுத்தேன். இந்த முறை பில்லை நான் பார்க்கவேயில்லை. அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தை வெட்டிக் கொடுக்க வந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முழுக் காட்டா தாங்க நானா. ஓரம் எனக்கு வேணும்."

"தாறேன் தங்கச்சி, தாறேன்" என்றார். பாவம், முகம் சிறுத்துத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பிளேன்டீ வைத்தேன். அப்போது அண்ணன் அம்மாவின் ஃபோனுக்கு அழைத்தார். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் உச்சுக்கொட்டினார். வருகிறேன் என்று சொல்லவில்லை. "நல்ல காலம், நான் அந்த நோட்டீஸ அனுப்பினேன்" என்றார். ஊரில் பாதிப் பேர் அந்த நோட்டீஸை அனுப்பியிருந்தார்கள். தைக்கக் கொடுத்தவர்கள்கூட எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

"ஒன் லிஸ்டாலதான்டா தம்பி நான் பொழச்சேன். நீ மட்டும் அந்த நம்பரெல்லாம் எழுதி வைக்கலன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"அதான்ம்மா நானும் சொல்றேன். சிஸ்டம்னு ஒண்ணு வேணும்" என்றார் அவர்.

என் கையில் கரண்டி நின்றது. அவருடைய லிஸ்ட் மாத்திரையைக் கொடு என்றது. அந்த லிஸ்டை நம்பியிருந்தால் இன்றைக்கும் அதே போத்தலிலிருந்துதான் போயிருக்கும். காலையிலிருந்து ஓடியவள் நான், செடி செடியாக அறுத்தவள் நான். பேர் வாங்குகிறவர் கொழும்பில் சோபாவில். ஃபோன் வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா இப்படிப் பொய் சொல்ற? அவரு லிஸ்டா ஒன்ன காப்பாத்திச்சு? அந்த லிஸ்ட்ல இருந்தது தப்பு நம்பர்மா. ஒனக்குத் தெரியாதா?"

அம்மா புது அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கு விரலில் பலம் இல்லை, நான்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

"தெரியாமயா? செடியில கட்டினவ நான்தானே" என்றாள் எரிச்சலோடு. "அவன்கிட்ட அந்த லிஸ்ட் மட்டும்தான் புள்ள இருக்கு. அதையும் புடுங்கவா சொல்ற? ஒன்கிட்ட நான் இருக்கேன்ல. சும்மா கத்தாம ஒண்ண ஒட."

அண்ணன் மேல் எனக்கிருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை. இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அன்று அந்த அட்டையை உடைக்கும்போது ஓரத்து நம்பரில் கை படாமல் பார்த்து உடைத்தேன். அம்மா நீல மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். கோப்பையைத் தானே கீழே வைத்தாள், சத்தமில்லாமல்.